அலுவலகத் தலைவர் பெயரில் தடையின்மைச் சான்று எழுதித் தர முடியுமா?

கேள்வி: "ஐயா, நான் மாவட்ட அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்கு ஜனவரியில் பிரசவம். அம்மாவைத் தனியாக அனுப்ப முடியாது, நானும் போக வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கத் தடையின்மைச் சான்று கேட்டு மூன்று மாதம் ஆகிறது. பழைய அலுவலர் மாறுதலில் போய்விட்டார், பொறுப்பில் இருப்பவர் 'அப்புறம் பார்க்கலாம்' என்கிறார். நீங்கள் இந்தப் பிரிவில் நிறைய ஆண்டு வேலை பார்த்தவர். அலுவலகத் தலைவர் எழுதியதைப் போலவே ஒரு சான்று வாசகம் எழுதித் தாருங்கள். லெட்டர்பேடும் முத்திரையும் கையெழுத்தும் நான் பார்த்துக்கொள்கிறேன்."

தம்பி, அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதை நான் எழுதித் தர மாட்டேன். ஆனால் பாஸ்போர்ட் எடுக்க உங்களுக்கு அந்தச் சான்றே தேவையில்லை. அலுவலர் கையெழுத்தே இல்லாமல், முழுக்க முறையான வழியில், நாளைக்கே வேலையைத் தொடங்கலாம். மூன்று மாதமாக உங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டதில் இருக்கும் சிக்கலைப் பேசிவிடுவோம்.

அலுவலர் கையெழுத்துக்காக வாசகம் தயாரிப்பதில் தப்பே இல்லை. நாம் தினமும் செய்யும் வேலையே அதுதான். உதவியாளர் வரைவு எழுதுகிறார், கண்காணிப்பாளர் திருத்துகிறார், அலுவலர் ஒப்புதல் தருகிறார், தூய நகலில் கையெழுத்தாகிறது. வாசகம் யார் எழுதியது என்று யாரும் கேட்பதில்லை. கோப்பில் ஒப்புதல் இருக்கிறதா, கையெழுத்து அவருடையதா, எண் பதிவேட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நீங்கள் வரைவு எழுதி அவரிடம் கொண்டுபோகிறேன் என்று கேட்டிருந்தால் சந்தோஷமாக உதவியிருப்பேன். உதவவும் போகிறேன், கீழே ஒரு மனு மாதிரி இருக்கிறது. ஆனால் "கையெழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் அது வரைவு இல்லை. அரசு ஊழியர் ஒருவர் தன் பதவி முறையில் கொடுத்ததாகத் தோன்றும்படி ஒரு சான்றைப் பொய்யாக உருவாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 337-ஆம் பிரிவில் வருகிறது. ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதை அசல் என்று சொல்லிக் கொடுப்பது 340, முத்திரையைப் போலியாகச் செய்வது 341. இதற்கு மேல் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவு வேறு. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்து பாஸ்போர்ட் வாங்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பீர்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த அலுவலகம், யார் என்பது வேண்டாம். ஒருவர் உங்களைப் போலவே அவசரத்தில் வெளியே ஒரு கணினி மையத்தில் சான்று அடித்து வாங்கினார். லெட்டர்பேடு அச்சு அசலாக இருந்தது. கையெழுத்தும் நன்றாகவே போட்டிருந்தார்கள். பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து உறுதிப்படுத்தக் கேட்டு அந்தச் சான்றின் நகலோடு ஒரு கடிதம் எங்கள் தபாலுக்கு வந்தது. நான் செய்தது ஒரே ஒரு வேலைதான், சான்றில் இருந்த ந.க. எண்ணை, அதாவது கோப்பு எண்ணை, பதிவேட்டில் தேடினேன். அந்த எண்ணில் மின்விசிறி பழுது நீக்கும் கோப்பு இருந்தது. தேதியைப் பார்த்தேன், அன்று அலுவலர் மருத்துவ விடுப்பில் இருந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஊழியர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17 (பி) குறிப்பாணை வந்தது, காவல் நிலையத்தில் புகாரும் போனது. ஓய்வுபெற ஐந்து மாதமே இருந்த அந்த அலுவலர், தான் கையெழுத்துப் போடவில்லை என்று எழுத்தில் விளக்கம் கொடுத்துக்கொண்டு அலைந்தார். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். போலிச் சான்று மாட்டுவது கையெழுத்தில் இல்லை. அரசுக் கடிதம் தனியாகப் பிறப்பதில்லை. அதற்குப் பின்னால் ஒரு மனு, ஒரு தபால் எண், ஒரு கோப்பு, ஒரு அனுப்புகைப் பதிவு எல்லாம் இருக்கும். கடிதத்தைப் போலியாக அடிக்கலாம், அந்தத் தடத்தை அடிக்க முடியாது.

சரி, இப்போது வழிக்கு வருவோம்.

அரசு ஊழியர் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க மூன்று விதமான தாள்களில் ஏதாவது ஒன்று போதும். அலுவலகம் தரும் அடையாளச் சான்று ஒன்று. அலுவலகம் தரும் தடையின்மைச் சான்று இன்னொன்று, இதற்கான மாதிரி passportindia.gov.in தளத்தில் Annexure G என்ற பெயரில் இருக்கிறது. மூன்றாவது, முன்னறிவிப்புக் கடிதம். அது Annexure H. முதல் இரண்டையும் அலுவலகம் உங்களுக்குத் தர வேண்டும். மூன்றாவதை நீங்கள் அலுவலகத்துக்குத் தருகிறீர்கள். முழு வேறுபாடும் அங்கேதான் இருக்கிறது. "நான் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு இன்ன பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பிக்கிறேன், தங்கள் தகவலுக்காகத் தெரிவிக்கிறேன்" என்பதுதான் அதன் சாரம். அனுமதி கேட்கும் வரி அதில் கிடையாது. அதில் அலுவலர் கையெழுத்துப் போட வேண்டிய இடமும் இல்லை.

இது ஏதோ ஓட்டை என்று நினைக்காதீர்கள். அலுவலகங்கள் சான்று தராமல் இழுத்தடிப்பது வெளியுறவு அமைச்சகத்துக்கு நன்றாகத் தெரியும். 2016 டிசம்பரில் விதிகளை எளிமையாக்கி அறிவித்தபோது, அடையாளச் சான்றோ தடையின்மைச் சான்றோ வாங்க முடியாமல் அவசரமாக பாஸ்போர்ட் தேவைப்படும் அரசு ஊழியர்கள், வேலை தருபவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டேன் என்று தாங்களே அளிக்கும் உறுதிமொழியோடு விண்ணப்பிக்கலாம் என்று அமைச்சகமே சொன்னது. உங்களைப் போன்றவர்களுக்காகவே திறந்து வைத்த வாசல் அது.

எச் படிவத்தைப் பதிவிறக்கி இரண்டு பிரதி எடுங்கள். பெறுநர் இடத்தில் உங்கள் கட்டுப்பாட்டு அலுவலரின் பதவிப் பெயரை எழுதுங்கள், ஆள் பெயர் வேண்டாம். பழையவர் போய்விட்டார், புதியவர் வரவில்லை என்ற குழப்பம் அப்போது வராது, கடிதம் பதவிக்குத்தான் போகிறது. அதை நேராகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். பொறுப்பு அலுவலரின் மேசையில் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், அங்கேதான் உங்கள் முதல் மனு மூன்று மாதமாகத் தூங்குகிறது. தபால் பிரிவில் முத்திரை போடத் தயங்கினால் வாக்குவாதம் வேண்டாம், ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அலுவலக முகவரிக்கே அனுப்பிவிடுங்கள். அந்த ரசீதும் பட்டுவாடா விவரமும் முத்திரைக்குச் சமம். முத்திரை இல்லாத பிரதியை பாஸ்போர்ட் சேவை மையத்தில் வாங்கிக்கொள்ளக்கூடும். ஆனாலும் நாளைக்கு உங்கள் அலுவலகமே "எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னால் உங்களைக் காப்பாற்றுவது அந்தத் தேதி முத்திரைதான்.

அப்புறம் இணையத்தில் விண்ணப்பம். இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. வேலை வகை கேட்கும் இடத்தில் அரசு என்றே போடுங்கள். "தனியார் என்று போடு, எந்தச் சான்றும் கேட்க மாட்டார்கள்" என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். போலிச் சான்று அடிக்கப் பயப்படுகிறவர்கள்கூட இதைத் தைரியமாகச் செய்கிறார்கள், ஏதோ சின்ன விஷயம் போல. இதுவும் பாஸ்போர்ட் சட்டத்தின் அதே 12-ஆம் பிரிவில்தான் வருகிறது. தகவலை மறைத்து வாங்கியது என்று தெரிந்தால் 10 (3) பிரிவில் பாஸ்போர்ட்டை முடக்கவும் முடியும். உங்கள் வங்கிக் கணக்கிலும் சம்பளச் சீட்டிலும் அரசு ஊழியர் என்பது தெரிகிறது. வீட்டுக்கு வரும் காவலர் பக்கத்து வீட்டில் "தம்பி என்ன வேலை?" என்று கேட்டாலே போதும்.

36 பக்க பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். இப்போதுள்ள அவகாசத்தில் தத்கால் தேவைப்படாது. நேரம் குறித்த நாளில் அடையாள அட்டை, முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, எச் படிவத்தின் முத்திரையிட்ட பிரதி எல்லாம் அசலும் நகலுமாகக் கையில் இருக்கட்டும். மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர்கள். ஏ கவுன்டரில் ஆவணங்களை வாங்கிப் பதிவு செய்பவர் ஒப்பந்த நிறுவன ஊழியர். சில நேரம் அவர் பழக்கத்தில் "என்.ஓ.சி. எங்கே?" என்று கேட்பார். அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். "முன்னறிவிப்புக் கடிதத்தில் விண்ணப்பிக்கிறேன், எச் படிவம் இதோ" என்று அமைதியாகச் சொல்லுங்கள். சரிபார்ப்பதும் முடிவெடுப்பதும் பி, சி கவுன்டர்களில் இருக்கும் பாஸ்போர்ட் அலுவலர்கள். எங்கள் அலுவலகத் தட்டச்சர் ஒருவர் ஏ கவுன்டரிலேயே பயந்து திரும்பி வந்து, மறுபடி நேரம் வாங்கி, இரண்டாம் முறை இந்த ஒரு வரியைச் சொல்லித்தான் உள்ளே போனார். அன்றைக்கே முடிந்தது.

காவல்துறை விசாரணைக்கு வருபவரும் அலுவலகச் சான்று கேட்கலாம். அவருக்கும் அதே முத்திரையிட்ட பிரதியைக் காட்டுங்கள். அவர் சரிபார்க்க வருவது முகவரியும், உங்கள் மேல் வழக்கு இருக்கிறதா என்பதும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கடிதம் கிடைத்த பிறகு உங்கள் அலுவலகம் எதிர்ப்புத் தெரிவித்து பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எழுதலாம். அப்போது அவர்கள் அதைப் பரிசீலித்துத்தான் முடிவெடுப்பார்கள். ஆனால் "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்காகப் பாஸ்போர்ட்டை மறுத்துவிட முடியாது. மறுக்கும் காரணங்கள் சட்டத்தின் 6 (2) பிரிவில் எழுதப்பட்டிருக்கின்றன. உங்களைப் போன்றவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. கடந்த ஐந்து ஆண்டுக்குள் ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெற்றிருப்பது ஒன்று, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது மற்றொன்று. வழக்கு நிலுவையில் இருந்தால் தடையின்மைச் சான்றாலும் பயனில்லை, முன்னறிவிப்பாலும் பயனில்லை. அந்த நீதிமன்றத்திலேயே வெளிநாடு செல்ல அனுமதி ஆணை வாங்கிக்கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். துறை நடவடிக்கை வேறு. உங்கள் மேல் 17 (ஏ) குறிப்பாணை இருக்கிறது என்பதற்காக அது குற்றவியல் வழக்கு ஆகிவிடாது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிக்கவே பயப்படுகிறார்கள்.

இந்த 6 (2) பிரிவைத் தெரிந்துகொண்டால் உங்கள் பொறுப்பு அலுவலர் ஏன் தயங்குகிறார் என்பதும் புரியும். தடையின்மைச் சான்றின் மாதிரியை எடுத்துப் படித்துப் பாருங்கள். "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்ற ஒரு வரியோடு அது முடிவதில்லை. பாஸ்போர்ட் சட்டத்தின் 6 (2) பிரிவைப் படித்தேன், அது இந்த விண்ணப்பதாரருக்குப் பொருந்தாது என்று சான்றளிக்கிறேன், இதில் கையெழுத்திட எனக்கு அதிகாரம் இருக்கிறது என்றும் அவர் எழுதிக் கொடுக்கிறார். நேற்று வந்து பொறுப்பேற்றவருக்கு உங்கள் மேல் எங்காவது வழக்கு இருக்கிறதா, விசாரணை இருக்கிறதா என்பது எப்படித் தெரியும்? எழுதிக் கொடுத்த பிறகு ஏதாவது வெளியே வந்தால் மாட்டுவது அவர்தான். "அப்புறம் பார்க்கலாம்" என்பது பெரும்பாலும் விரோதம் இல்லை, பயம். பயத்துக்கு மருந்து தாள்தான். அவர் தைரியமாகக் கையெழுத்துப் போட என்னென்ன தாள் வேண்டுமோ அதையெல்லாம் கோப்பில் நீங்களே வைத்துக் கொடுத்தால் பாதிக் கோப்புகள் நகர்ந்துவிடும்.

தடையின்மைச் சான்றும் வேண்டும் என்று நினைத்தால், முன்னறிவிப்பு வழியைத் தொடங்கிவிட்டு இதைப் பக்கத்தில் நகர்த்துங்கள். பழைய மனு எங்கே என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதைப் பார்வையில் குறிப்பிட்டுப் புதிதாக ஒரு மனு கொடுங்கள். நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"பொருள்: பணியமைப்பு – இளநிலை உதவியாளர் – சாதாரண கடவுச்சீட்டு பெறுதல் – தடையின்மைச் சான்று வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது மனு, நாள் (பழைய தேதி).

ஐயா, நான் இவ்வலுவலகத்தில் (தேதி) முதல் இளநிலை உதவியாளராகப் பணிபுரிந்து வருகிறேன். எனது சகோதரியைக் காணச் சிங்கப்பூர் செல்ல வேண்டியுள்ளதால் சாதாரண கடவுச்சீட்டு பெற விண்ணப்பிக்க உள்ளேன். என் மீது குற்றவியல் வழக்கோ ஒழுங்கு நடவடிக்கையோ ஏதும் நிலுவையில் இல்லை என உறுதியளிக்கிறேன். பார்வையில் காணும் மனுவின் மீது ஆணை இதுவரை பெறப்படாததால், உரிய படிவத்தில் தடையின்மைச் சான்று வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விவரங்கள் நிரப்பப்பட்ட சான்றின் வரைவு, பணிப்பதிவேட்டின் முதல் பக்க நகல், அடையாள அட்டை நகல், புகைப்படம் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன."

உறுதியளிக்கும் அந்த வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். குறிப்பாணை ஏதாவது இருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் போட்டு, இன்ன நிலையில் இருக்கிறது என்று நேரடியாக எழுதுங்கள். மறைத்து, அது பிறகு பிரிவு உதவியாளர் கண்ணில் பட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

சான்றின் வரைவைக் கையோடு இணைக்கச் சொல்கிறேனே, அதுதான் நீங்கள் என்னிடம் கேட்ட வாசகத்தின் நேர்மையான வடிவம். ஜி படிவத்தில் உங்கள் பெயர், தந்தை பெயர், பணியில் சேர்ந்த நாள், இப்போதைய பதவி, அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் பணிப்பதிவேட்டில் உள்ளபடியே தட்டச்சு செய்துவிடுங்கள். எண், தேதி, கையெழுத்து, முத்திரை இருக்கும் இடங்களை வெறுமையாக விடுங்கள், அவை அலுவலகம் நிரப்ப வேண்டியவை. பெயரின் எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். பணிப்பதிவேட்டில் முன்னெழுத்தோடு ஒரு மாதிரியும் ஆதாரில் விரித்து இன்னொரு மாதிரியும் இருந்தால், அசல் சான்றே மையத்தில் சந்தேகத்துக்கு உள்ளாகும். அப்படி இருந்தால் இப்போதே பிரிவில் சொல்லுங்கள்.

மனுவைத் தபாலில் கொடுத்த இரண்டு மூன்று நாளில் பிரிவுக்குப் போய், ந.க. எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "என் சான்று என்ன ஆச்சு?" என்ற கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் பதில் கிடைக்காது. "இந்த எண் கோப்பு யார் மேசையில் இருக்கிறது?" என்ற கேள்விக்குக் கிடைக்கும். பொறுப்பு அலுவலர் தனக்கு அதிகாரமில்லை என்று சொன்னால், அவருக்கு முழு கூடுதல் பொறுப்பு வழங்கப்பட்ட ஆணையைப் பாருங்கள். முழு கூடுதல் பொறுப்பு என்றால் அந்தப் பதவியின் வேலைகளையெல்லாம் அவர் பார்க்கத்தான் வேண்டும். அன்றாடப் பணிகளை மட்டும் கவனிக்கச் சொல்லியிருந்தால் அவர் சொல்வது நியாயம், அப்போது கோப்பை மேல் அலுவலருக்கு அனுப்பிவைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். இரண்டு நினைவூட்டுக்குப் பிறகும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, "எனது மனுவின் மீது நாள்வாரியாக எடுக்கப்பட்ட நடவடிக்கை விவரமும் குறிப்புப் பக்கங்களின் நகலும்" கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் வருவதற்கு முன்பே கோப்பு நகர்வதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் சொந்த அலுவலகத்தின் மேலேயே போடும் மனு அது, மனக்கசப்பு வரும். முன்னறிவிப்பு வழி இருக்கும்போது உங்களுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நீங்கள் கேள்வியில் அதைத் தொடவே இல்லை, ஆனால் ஜனவரியில் உங்களை விமானம் ஏறவிடாமல் செய்யக்கூடியது அதுதான். பாஸ்போர்ட் கையில் இருப்பது வேறு, வெளிநாடு செல்ல அனுமதி வேறு. முன்னறிவிப்பில் எடுத்த பாஸ்போர்ட்டோ, தடையின்மைச் சான்றில் எடுத்த பாஸ்போர்ட்டோ, இரண்டுமே உங்களுக்குப் பயண அனுமதி ஆகாது. அரசு ஊழியராக நீங்கள் துறையின் உரிய அலுவலரிடம் வெளிநாட்டுப் பயண அனுமதியும் விடுப்பும் முன்கூட்டியே ஆணையாகப் பெற்றிருக்க வேண்டும். விமான நிலையத்தில் இதை யாரும் கேட்காமல் விடலாம். ஆனால் திரும்பி வந்தபின் அனுமதியின்றி வெளிநாடு சென்றதாகக் குறிப்பாணை கையில் வரும். பாஸ்போர்ட்டை முறையாக எடுத்தவர்களே இதில் சறுக்கி நான் பார்த்திருக்கிறேன்.

இந்த அனுமதி உங்கள் பொறுப்பு அலுவலரோடு முடியாமல் மேலே போக வாய்ப்பு அதிகம், அதனால்தான் நேரம் எடுக்கும். பாஸ்போர்ட் எண் வந்த அன்றைக்கே உரிய வழியாக மனு கொடுங்கள். எந்த நாடு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யாரைப் பார்க்க, அவர் உங்களுக்கு என்ன உறவு, அங்கே என்ன நிலையில் வசிக்கிறார், பயணச் செலவு யாருடையது, எந்த வகை விடுப்பு, கணக்கில் எத்தனை நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தங்கை அனுப்பும் அழைப்புக் கடிதத்தையும் மருத்துவமனை கொடுத்த உத்தேசப் பிரசவத் தேதியையும் இணைத்தால் காரணம் பற்றிய கேள்வியே வராது. செலவு விவரத்தில் தெளிவு முக்கியம். தங்கை கணவர் டிக்கெட் எடுக்கிறார் என்றால் அப்படியே எழுதுங்கள், "சொந்தச் செலவு" என்று எழுதிவிட்டு அவருடைய அட்டையில் டிக்கெட் போட வேண்டாம். அனுமதி ஆணை வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு இதெல்லாம் எதுவும் தேவையில்லை. அவர் அரசு ஊழியர் இல்லை என்றால் ஆதாரும் பிறந்த தேதிச் சான்றும் வைத்து இன்றைக்கே அவருக்குத் தனியாக விண்ணப்பித்துவிடுங்கள். உங்களுடையதற்காக அவருடையதை நிறுத்தி வைக்க வேண்டாம். கடைசியில் உங்கள் அனுமதி தாமதமானாலும், பிரசவ நேரத்தில் தங்கையோடு இருக்க அவராவது போய்ச் சேரலாம்.

உங்கள் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். இப்போது செப்டம்பர் நடுப்பகுதி. திங்கட்கிழமை எச் படிவத்தைத் தபாலில் கொடுத்து முத்திரை வாங்கி, அன்று மாலையே இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி, கிடைக்கும் முதல் நேரத்தை எடுங்கள். உங்கள் மாவட்டத்தில் தலைமை அஞ்சலகத்தில் சேவை மையம் இருந்தால் அங்கேயும் பாருங்கள், சில நேரம் பெரிய மையத்தைவிட அங்கே சீக்கிரம் கிடைக்கும். காவல் விசாரணை தாமதமில்லாமல் முடிந்தால் அக்டோபர் கடைசிக்குள் பாஸ்போர்ட் கையில் இருக்க வாய்ப்பிருக்கிறது. அப்படி வந்தால் பயண அனுமதிக்கு நவம்பரும் டிசம்பரும் முழுசாகக் கிடைக்கும். நீங்களும் ஏதாவது கணினி மையத்தில் ஏற்கெனவே லெட்டர்பேடு ஏதாவது அடித்து வாங்கியிருந்தால், அதை இன்றைக்கே கிழித்துப் போட்டுவிடுங்கள். மையத்துக்காரர் கணினியில் இருக்கும் பிரதியையும் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். அதே லெட்டர்பேடில் வேறு யாருக்காவது அடித்துக் கொடுத்தால், விசாரணை முதலில் உங்களைத் தேடித்தான் வரும்.

மனுவை எழுதி முடித்ததும், பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். ஒரு முறை படித்துத் திருத்தித் தருகிறேன்.